வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பாதீர்கள்

போன வாரம் சேரிங் கிராஸ் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் இனிப்போடு வந்தார். பேத்திக்கு குரூப் 4-ல் வேலை கிடைத்துவிட்டதாம். இளநிலை உதவியாளர். எங்கள் கூட்டத்தில் இருக்கிற நாலைந்து பென்ஷன்காரர்களுக்கும் சந்தோஷம். நண்பர் சொன்னார்: "நான் அவகிட்ட ஒண்ணுதான் சொன்னேன் சார். ரெண்டு வருஷம் புரொபேஷன். வாயைத் திறக்காதே, யாரையும் எதுவும் கேக்காதே, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஓட்டிடு. அப்புறம் யாரும் உன்னை அசைக்க முடியாது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. அங்கேயே மறுத்துப் பேசினால் இனிப்பு கசந்துவிடும் என்று பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. காரணம், அதே அறிவுரையைக் கேட்டு நடந்தவன் நான். அதற்கு நான் கொடுத்த விலை எனக்குத்தான் தெரியும்.

1975 ஜூன் மாதம் இந்த மலையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். நியமன ஆணை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் என் பெயர், ஊர், சம்பளம். அதைப் பத்துத் தடவை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் வரிசையாக நிபந்தனைகள். அவற்றை ஒரு தடவைகூட முழுதாகப் படிக்கவில்லை. அதில் ஒன்று, தமிழைப் பாடமாகப் படித்துத் தேறாதவர்கள் தகுதிகாண் பருவத்துக்குள் இரண்டாம் நிலை மொழித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்பது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வீட்டில் தமிழ்தான், தெருவில் தமிழ்தான். ஆனால் பள்ளியில் தமிழ்த் தேர்வு எழுதியதாக என்னிடம் ஒரு சான்றும் கிடையாது. 'நான் தமிழன், எனக்கு எதற்குத் தமிழ்த் தேர்வு' என்று நினைத்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். நான் அப்படி நினைக்கவும் இல்லை. அந்த வரியே என் கண்ணில் படவில்லை.

யாரும் சொல்லவும் இல்லை. காலையில் கையெழுத்துப் போடுவேன், கொடுத்த தபால்களைப் பதிவேன், வரைவு எழுதுவேன், மாலையில் வீட்டுக்குப் போவேன். திட்டு விழவில்லை. திட்டு விழாததால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தேன். பத்தொன்பது மாதம் இப்படியே ஓடியது. 1977 ஜனவரியில், பணிப்பதிவேடுகளைப் பார்க்கும் எழுத்தர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க தகுதிகாண் பருவம் ஜூன்ல முடியுது. முன்மொழிவு தயார் பண்றேன். மொழித் தேர்வு பாஸ் பண்ணின விவரம் எஸ்.ஆர்.ல இல்லையே?" எனக்கு அவர் என்ன கேட்கிறார் என்றே புரியவில்லை.

இதில் கணக்கைப் பாருங்கள். துறைத் தேர்வுகள் ஆண்டுக்கு இரண்டு முறைதான், மே மாதமும் டிசம்பர் மாதமும். ஜூனில் சேர்ந்த எனக்கு இரண்டு வருஷத்தில் நான்கு வாய்ப்பு இருந்தது. 75 டிசம்பர், 76 மே, 76 டிசம்பர், 77 மே. எழுத்தர் என்னைக் கேட்டபோது மூன்று போய்விட்டன. மிஞ்சிய ஒன்றை அவசர அவசரமாக எழுதினேன். வீட்டில் பேசுகிற மொழியில் தோற்றேன். பேச்சில் வராத தவறெல்லாம் எழுத்தில் வந்தன. எங்கே பெரிய 'ற', எங்கே சின்ன 'ர' என்பதே தகராறு. டிசம்பரில் மறுபடி எழுதித் தேறினேன். முடிவு வந்து, பணிப்பதிவேட்டில் ஏறி, தகுதிகாண் பருவம் முடிந்ததாக ஆணை வந்தபோது 1978 பாதி ஆகியிருந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு முன்னால் உதவியாளர் ஆனார்கள். அந்த இடைவெளி ஓய்வு பெறும் வரை நிரம்பவில்லை.

இதில் யார் மேலும் எனக்குக் கோபமில்லை. சேர்ந்த முதல் மாதத்தில் அந்த எழுத்தரிடம் போய், "சார், இரண்டு வருஷம் கழிச்சு என் பேரை எழுதும்போது என்னென்ன பார்ப்பீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கேட்காதே என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: தகுதிகாண் பருவம் மௌனமாகக் கடக்க வேண்டிய காலம் அல்ல. கேட்க வேண்டிய காலமே அதுதான். புதிதாக வந்தவன் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மூன்று வருஷம் கழித்து அதையே கேட்டால், 'இதுகூடத் தெரியாமல் இத்தனை நாள் என்ன செய்தாய்' என்பார்கள்.

சரி, எதை எப்போது கேட்பது? அரசு அலுவலகத்தை வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

முதல் பதினைந்து நாளுக்குள், நியமன ஆணையையும் ஒரு காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு பணிப்பதிவேடு பார்ப்பவரிடம் போக வேண்டும். தகுதிகாண் பருவம் முடிய என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும். எந்தத் துறைத் தேர்வு இந்தக் காலத்துக்குள் தேற வேண்டியது, எது பதவி உயர்வுக்கு மட்டும் வேண்டியது என்பது துறைக்குத் துறை மாறும். பக்கத்து அலுவலகத்து நண்பன் சொன்னதை நம்பக்கூடாது. பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிக்கு நம் பெயரை எப்போது அனுப்புவார்கள் என்று கேட்க வேண்டும். அங்கே அணி அணியாகத்தான் அழைப்பார்கள். ஓர் அணியில் பெயர் விட்டுப்போனால் அடுத்த அணி வரை காத்திருக்க வேண்டும். வேலையை எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அந்தப் பயிற்சி இல்லாமல் கோப்பு நகராது.

இன்னொன்று, இந்த 'இரண்டு வருஷம்' என்பது காலண்டர் வருஷம் அல்ல. தொடர்ச்சியான மூன்று வருஷத்துக்குள் பணியில் இருந்த இரண்டு வருஷம். தற்செயல் விடுப்பு எடுத்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு என்று எடுத்தால் அத்தனை நாள் தேதி பின்னால் தள்ளிப்போகும். இது தெரியாமல், அக்கா கல்யாணத்துக்கு ஒரு மாதம் விடுப்பு எடுத்துவிட்டு, 'என் இரண்டு வருஷம் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் ஆணை வரவில்லை' என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் கேள்வி விதிகளைப் பற்றியது. இரண்டாவது வேலையைப் பற்றியது. அதைக் கேட்க வேண்டிய ஆள் பிரிவுக் கண்காணிப்பாளர். கேட்க வேண்டிய நேரம் முதல் மாதத்தின் முடிவு. ஏன் முதல் நாளே கேட்கக்கூடாது என்றால், முதல் நாள் அவர் சொல்வது நமக்குப் புரியாது. ஒரு மாதம் வேலை பார்த்த பிறகுதான் கேள்வி கேட்கவே தெரியும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் உதவியாளராக இருந்தபோது கூடலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் புதிதாக வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். சுறுசுறுப்பான பெண். வந்த தபாலை அன்றன்றே தன்பதிவேட்டில் ஏற்றிவிடுவாள். ஒரு மாதம் ஆனதும் நான் சொன்னேன், "அம்மா, தன்பதிவேட்டை எடுத்துக்கிட்டுப் போய் சூப்பிரண்டெண்ட்கிட்ட, நான் சரியாப் போறேனான்னு கேளு." பயந்தாள். "அண்ணா, நானே போய்க் கேட்டா குறை கண்டுபிடிப்பாரே?" என்றாள். "இப்ப கண்டுபிடிக்கட்டும்" என்றேன்.

போனாள். மாதத்தில் அவளுக்கு வந்தவை நூற்றுப் பதினெட்டு. அவள் கணக்கில் முடிந்தவை தொண்ணூறு. கண்காணிப்பாளர் கணக்கில் முடிந்தவை முப்பதுக்கும் குறைவு. இருவரும் பொய் சொல்லவில்லை. 'முடிந்தது' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பேரும் இரண்டு அர்த்தம் வைத்திருந்தார்கள். வரைவு எழுதி மேலே அனுப்பிவிட்டால் அவளைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அவருக்கோ, வரைவுக்கு ஒப்புதல் வந்து, சுத்தப் பிரதி எடுத்து, தபாலில் போய், கோப்பு மூன்றாண்டு முடிவா பத்தாண்டு முடிவா என்று தீர்மானித்துக் கட்டி, பதிவேட்டில் கடைசிப் பத்தியை நிரப்பினால்தான் முடிந்தது. வேறு அலுவலகத்துக்கு விவரம் கேட்டு எழுதியவற்றையும் அவள் முடிந்த கணக்கில் சேர்த்திருந்தாள். பதில் வரும் வரை நினைவூட்டு அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கண்காணிப்பாளர் கோபப்படவில்லை. பதிவேட்டில் நினைவூட்டுத் தேதி எழுத ஒரு பத்தி இருப்பதைக் காட்டினார். தினமும் காலையில் முதல் அரை மணி நேரம் புதுத் தபாலைத் தொடாமல், அன்றைக்கு நினைவூட்டு வேண்டிய பழைய எண்களைப் பார்க்கச் சொன்னார். அடுத்த மாதம் இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. யோசித்துப் பாருங்கள், அவள் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலதிகாரி ஆய்வுக்கு வரும்போது, ஒரு வருஷத்து நிலுவை மொத்தமாக அவள் தலையில் விழுந்திருக்கும். 'சேர்ந்ததிலிருந்தே நிலுவை' என்று ஒரு வரி அறிக்கையில் ஏறியிருக்கும். அவள் சோம்பேறி என்று பெயர். உண்மையில் பிரிவிலேயே அதிகம் உழைத்தவள் அவள்தான்.

அதனால்தான் சொல்கிறேன், 'நான் நன்றாக வேலை செய்கிறேனா?' என்று மொட்டையாகக் கேட்கக்கூடாது. அதற்கு எந்த அதிகாரியும், "ம், பரவாயில்லை, போ" என்றுதான் சொல்வார். அந்தப் 'பரவாயில்லை'யை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வேலையைக் கையில் கொண்டுபோய் வைத்து, "இதில் எது முடிந்ததாகக் கணக்கு? எதை முதலில் எடுக்கணும்? எதை உங்ககிட்டக் கேட்காமல் நானே செய்யலாம்?" என்று கேட்க வேண்டும். அப்போதுதான் உருப்படியான பதில் வரும்.

மூன்றாவது தடவை கேட்க வேண்டியது ஆறாம் மாதம். முன்பு எழுதிய அதே காகிதத்தை எடுத்துக்கொண்டு, எழுதியவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குள் ஒரு துறைத் தேர்வு போயிருக்கலாம். கண்காணிப்பாளரே மாறியிருக்கலாம். அப்படி மாறினால் முதல் மாதத்துக் கேள்வியைப் புதியவரிடம் மறுபடி கேட்க வேண்டும். பழையவர் ஏற்றுக்கொண்ட பழக்கத்தைப் புதியவர் ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நம் பிள்ளைகள் எல்லோரும் அரசு வேலைக்குப் போவதில்லை. இங்கே தேயிலைத் தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள், கோயம்புத்தூரில் கம்பெனிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில் தொழிலாளிக்குத் தகுதிகாண் காலம் மூன்று மாதமாக இருந்தது. அலுவலர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் என்று ஆணையில் போடுகிறார்கள். காலம் சுருங்கினால் கேள்வியும் முன்னால் வர வேண்டும். மூன்று மாத வேலையில் ஒரு மாதம் கழித்துக் கேட்பது தாமதம். முதல் வாரத்தில் ஒரு தடவை, மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை கேட்பது நல்லது.

தோட்டத்து வேலைக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஜனவரியில் உறைபனி நேரத்தில் சின்னதுரையாகவோ ஃபீல்டு அலுவலராகவோ சேர்கிறவனுக்குப் பறிக்க இலையே அதிகம் இருக்காது. கணக்கு வேலை என்று அமைதியாகப் போகும். எல்லாம் சுலபம் என்று நினைப்பான். ஏப்ரல், மே மழை விழுந்து கொழுந்து பொங்கி வரும்போதுதான் ரவுண்டு தவறாமல் ஆட்களை நிறுத்தத் தெரிகிறதா என்று பெரியதுரை பார்ப்பார். ரவுண்டு நாலு நாள் தள்ளினால் கொழுந்து முற்றிவிடும், ஃபேக்டரியில் தரம் விழும். அப்போது ஆறு மாதம் முடிய ஒரு மாதம்தான் மிச்சம். எனவே அவன் ஜனவரியிலேயே, "எந்த மாசத்து வேலையை வச்சு என்னைப் பார்ப்பீங்க?" என்று கேட்டுவைக்க வேண்டும். சோதனை வருவதற்கு முன் தயாராக மூன்று மாதம் கிடைக்கும்.

கேட்பது நமக்கு உரிமையா, இல்லை சலுகையா என்று ஒரு கேள்வி வரும். நம் உச்ச நீதிமன்றம் 1989-ல் டாக்டர் சுமதி ஷேரே வழக்கில் இதைத் தொட்டிருக்கிறது. தற்காலிகமாக நியமிக்கப்பட்ட ஒரு பெண் மருத்துவரை, வேலை திருப்தியாக இல்லை என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். குறை இருந்தால் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், திருத்திக்கொள்ள வாய்ப்பு இருந்திருக்கும், ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தகுதியில்லை என்பது நியாயமல்ல என்பது நீதிமன்றத்தின் பார்வை. அவருக்கு நீதி கிடைத்தது, சரி. ஆனால் அதற்கு டெல்லி வரை போக வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பிள்ளை முதல் மாதமே தன் மேலதிகாரியின் மேசை வரை போனால் போதும் என்கிறேன்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 'காலம் முடிந்துவிட்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நிரந்தரம்' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. இதற்கு மேல் தகுதிகாண் பருவத்தை நீட்டக்கூடாது என்று விதியிலேயே உச்ச வரம்பு இருந்தால், அதைத் தாண்டியும் வேலையில் வைத்திருந்தால், நிரந்தரமானதாகக் கொள்ளலாம் என்று 1968-ல் தரம் சிங் வழக்கில் சொன்னார்கள். அப்படி வரம்பு இல்லாத இடத்தில், ஆணை கைக்கு வரும் வரை தகுதிகாண் பருவம்தான். மௌனத்துக்குச் சம்மதம் என்று பொருள் கல்யாணப் பேச்சில் இருக்கலாம். அலுவலகத்தில் கிடையாது.

பிரெஞ்சுக்காரர்கள் தனியார் வேலையில் இந்தக் காலத்தை 'பெரியோத் தெஸ்ஸே' என்பார்கள். 'எஸ்ஸே' என்றால் முயன்று பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது. அவர்கள் சட்டத்தில் சாதாரண ஊழியருக்கு இரண்டு மாதம்தான். அதை நீட்டுவதென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, சோதிப்பது இரு தரப்பும் என்பது. முதலாளி ஆளைச் சோதிக்கிறார், ஆள் வேலையைச் சோதிக்கிறான். நம் 'தகுதிகாண்' என்ற சொல்லில் ஒரு பக்கம்தான் தெரிகிறது. யாரோ மேலே உட்கார்ந்து நம் தகுதியைக் காண்கிறார், நாம் கீழே நின்று காத்திருக்கிறோம். அந்தச் சொல்லை வைத்துத்தான் நாமும் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது.

கேட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டாலே எரிந்து விழுகிற அதிகாரிகள் இருக்கிறார்கள். நானும் சிலரிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நேரில் கேட்டுப் பயனில்லை. அதே பிரிவில் பத்து வருஷம் உட்கார்ந்திருக்கிற மூத்த எழுத்தரிடம் கேட்க வேண்டும். அவர் சொன்னதைச் சின்னக் குறிப்பாக எழுதி, "இப்படிச் செய்யலாமா ஐயா?" என்று கோப்பிலேயே மேலே அனுப்பலாம். கோப்பில் வந்த கேள்விக்குக் கோப்பிலேயே பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அதேபோல் தினம் பத்துத் தடவை போய் நிற்பதும் தவறு. அது கேள்வி அல்ல, தொந்தரவு. கேள்விகளைச் சேர்த்துவைத்து, அவர் காலைத் தபால் பார்த்து முடித்த பிறகு ஒரே தடவையாகக் கேட்க வேண்டும். அவர் சொன்ன பதிலை அன்றே தேதி போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு, 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று அவர் சொன்னாலும், சண்டை போட அல்ல, நினைவுபடுத்தவாவது அது உதவும்.

நேற்று நண்பரின் பேத்தி இனிப்பு கொடுத்ததற்கு ஆசி வாங்க வீட்டுக்கே வந்தாள். "தாத்தா, எனக்கு ஏதாவது சொல்லுங்க" என்றாள். நியமன ஆணையைக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டேன். கைப்பேசியில் இருந்தது. இரண்டாம் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு நிபந்தனையாகப் படித்தோம். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். மொத்தம் ஆறு வரி வந்தது. அதில் இரண்டுக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

"அந்த ரெண்டையும் திங்கட்கிழமை போய்க் கேளு" என்றேன். "உன் தாத்தாகிட்ட மட்டும் நான் சொன்னேன்னு சொல்லாதே."

சிரித்துக்கொண்டே போனாள். நண்பர் இந்தப் பக்கத்தைப் படிக்கிற வழக்கம் உள்ளவர். படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கோபம் வந்தால் சேரிங் கிராஸில் டீ என் கணக்கு.